டீயை ஒரு மணி நேரம் தள்ளி வையுங்கள்

டெங்கிலில் மாலை ஐந்து மணிக்கு எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரு கோப்பை டீ வந்துவிடும். தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிகளில் இருக்கும் குடும்பங்களில் பல, புத்ராஜெயா கட்டப்பட்டபோது பிராங் பெசார், செட்ஜ்லி, காலோவே, மெடிங்லி தோட்டங்களிலிருந்து பெயர்ந்து வந்தவை. அந்த வீடுகளில் டீக்குத் தனியாக ஒரு நேரம் என்று கிடையாது. காலையில் ரொட்டியோடு டீ, மதியம் சோற்றுக்குப் பக்கத்தில் டீ, இரவுச் சாப்பாடு முடிந்த கையோடு இன்னொரு டீ.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தங்கச்சி என் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். கையில் இரண்டு ரத்தப் பரிசோதனைத் தாள்களும் ஒரு சிரப் பாட்டிலும். மகளுக்கு 15 வயது, ஹீமோகுளோபின் 10.2. சின்னவனுக்கு ஒன்றரை வயது, 9.6. “அக்கா, ரெண்டு பேருக்கும் இரும்புச்சத்து கம்மின்னு டாக்டர் சொல்லிட்டாங்க. மருந்து சரி, ஆனா சாப்பாட்டோட டீ குடிக்கக் கூடாதுங்கிறாங்க. டீக்கும் ரத்தத்துக்கும் என்னக்கா சம்பந்தம்?”

நான் தாதியாக வேலை பார்த்த காலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒருநாளும் நேரம் கிடைத்ததில்லை. வரிசையில் அடுத்தவர் நிற்பார், “டீ வேண்டாம்” என்று சொல்லி அனுப்பிவிடுவோம். காரணம் தெரியாமல் கேட்ட புத்தி இரண்டு நாள்கூட வீட்டில் தங்காது. அவளுக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நம் ஊரில் அந்தக் காலத்தில் எழுதும் மையை எப்படிக் காய்ச்சினார்கள் என்று தெரியுமா? கடுக்காயை ஊறவைத்த துவர்ப்புத் தண்ணீரில் அன்னபேதியைப் போடுவார்கள். பழுப்பாக இருந்த தண்ணீர் கன்னங்கரேலென்று ஆகிவிடும். அன்னபேதி என்பது ஃபெரஸ் சல்பேட். இன்று மருந்தகத்தில் இரும்பு மாத்திரையாகக் கிடைக்கும் அதே உப்பு. கடுக்காயின் துவர்ப்புக்குக் காரணம் டானின். டீயின் துவர்ப்பும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த பொருள்களால்தான் வருகிறது. ஃபெரஸ் சல்பேட் மருந்தில் சில சொட்டை ஆறிய தே ஓவில் விட்டுப் பாருங்கள், கொஞ்ச நேரத்தில் மை நிறம் வந்துவிடும். வயிற்றுக்குள்ளும் இதுவே நடக்கிறது. பருப்பிலும் கீரையிலும் அரிசியிலும் உள்ள இரும்பு, வயிற்று அமிலத்தில் கரைந்து சிறுகுடலின் முதல் பகுதியில் ரத்தத்துக்குள் நுழைய வேண்டும். டீ கூடவே வந்தால், அதன் துவர்ப்புப் பொருள் இரும்பைப் பிடித்துக் கரையாத சேர்மமாக்கிவிடுகிறது. கரையாத இரும்பைக் குடல் உறிஞ்சாது, அது மலத்தோடு வெளியே போய்விடும்.

இதை நம்மைப் போன்றவர்களிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். 1975இல் வெளிவந்த அந்த ஆய்வு தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் செய்யப்பட்டது. அங்குள்ள இந்தியரிலும் பெரும்பாலோர் நம்மைப் போலத் தோட்டக்கூலிகளாகக் கப்பலேறிப் போனவர்களின் வழிவந்தவர்கள்தான். சோறும், உருளைக்கிழங்கு வெங்காய சூப்பும் கொடுத்தபோது உணவிலிருந்த இரும்பில் சுமார் 11 விழுக்காடு உடலில் சேர்ந்தது. அதே சாப்பாட்டை டீயோடு கொடுத்தபோது சேர்ந்தது வெறும் இரண்டரை விழுக்காடு. வைட்டமின் சி சேர்த்துக் கொடுத்தும் டீயின் தடை நீங்கவில்லை. அதனால் தே ஓ லிமாவ் குடித்தால் பரவாயில்லை என்று நினைக்க வேண்டாம். பால் ஊற்றினால் துவர்ப்பு அடங்கிவிடும், தே தாரிக் குடிக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. 1999இல் வந்த வேறொரு ஆய்வு அதையும் சோதித்தது. டீயில் பால் சேர்த்தாலும் இரும்பைத் தடுக்கும் குணம் அவ்வளவாகக் குறையவில்லை. காப்பிக்கும் கோகோவுக்கும் அந்தக் குணம் டீயைவிடக் கொஞ்சம் குறைவாக இருந்தது, ஆனால் இருந்தது.

இறைச்சியில் உள்ள இரும்பின் வழி வேறு. அது ஹீம் என்ற வளையத்துக்குள் பூட்டப்பட்டிருப்பதால், அப்படியே முழுதாகக் குடலுக்குள் போய்விடுகிறது. 1975 ஆய்வில் சமைத்த ஹீமோகுளோபினை டீயோடு கொடுத்தபோது உறிஞ்சுதல் குறையவே இல்லை. ஆகவே தினமும் ஆட்டிறைச்சியோ மாட்டிறைச்சியோ சாப்பிடும் ஒருவருக்குச் சாப்பாட்டு டீயால் பெரிய நட்டம் வராது. சோறு, பருப்பு, கிழங்கு, கீரை என்று சாப்பிடும் வீட்டில்தான் அது பறித்துக்கொண்டு போகிறது. ஏற்கெனவே இருப்பு தீர்ந்துபோன பிள்ளைகள் இருக்கும் வீடு என்றால் இழப்பு இன்னும் பெரிது.

தங்கச்சி மகளின் கணக்கைப் போட்டுப் பார்த்தோம். ஒரு மில்லி ரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கும். மாதவிலக்கில் 40 மில்லி ரத்தம் போனால் 20 மில்லிகிராம் இரும்பு போகிறது. நாள் கணக்கில் பிரித்தால் தினம் ஏறக்குறைய 0.67 மில்லிகிராம். குடலிலிருந்தும் தோலிலிருந்தும் இயல்பாகக் கழிவது கிட்டத்தட்ட 0.8. இரண்டையும் கூட்டினால், வளர்ச்சிக்குத் தேவையானதைச் சேர்க்காமலே, தினம் ஏறக்குறைய 1.5 மில்லிகிராம் இரும்பு அவள் ரத்தத்துக்குள் போய்ச் சேர வேண்டும். அவள் நாள் முழுக்கச் சாப்பிடுவதில் 12 மில்லிகிராம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், பத்தில் ஒரு பங்கு சேர்ந்தால் கிடைப்பது 1.2தான். டீ இல்லாமலே துண்டு விழுகிறது. இப்போது டீயைச் சேர்த்துப் பாருங்கள். மதியச் சோற்றில் 4 மில்லிகிராம் இருந்தால், டீ இல்லாதபோது 0.4க்கு மேல் சேரும், டீயோடு சாப்பிட்டால் 0.1தான் சேரும். காலையில் கந்தினில் நாசி லெமாக்கோடு தே ஓ ஐஸ், வீட்டுக்கு வந்ததும் சோற்றோடு டீ, இரவில் தோசையோடு டீ. அந்தப் பெண் படிக்கட்டு ஏறும்போது மூச்சு வாங்குவதற்குச் சோம்பேறித்தனம் காரணமில்லை.

“சதா ஐஸ் கட்டியைக் கடிச்சுக்கிட்டே இருக்கா அக்கா” என்றாள் தங்கச்சி. அதுவும் ஓர் அடையாளம்தான். இரும்பு குறைந்த சிலருக்கு ஐஸ், பச்சரிசி, சாக்கட்டி, மண் போன்றவற்றின் மேல் அடக்க முடியாத ஆசை வரும். ஏன் அப்படி என்று உறுதியான விளக்கம் இல்லை, ஆனால் இரும்பு ஏறத் தொடங்கியதும் அந்த ஆசை பெரும்பாலும் மறைந்துவிடும். திட்டினால் ஒளித்துவைத்துச் சாப்பிடுவார்கள், அதனால் திட்ட வேண்டாம் என்று சொன்னேன்.

இவள் ஒருத்தியின் கதை மட்டும் இல்லை இது. 2019இல் மலேசிய சுகாதார அமைச்சு நடத்திய தேசிய ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் பத்துக்கு மூன்று பேருக்கு ரத்தசோகை இருந்தது. 2022 ஆய்வில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு இருந்தது. எல்லாமே இரும்புக் குறைவால் வந்ததில்லை, ஆனாலும் அதற்குத்தான் பெரிய பங்கு.

டீயை விட்டுவிட வேண்டுமா? வேண்டியதில்லை. 2017இல் பிரிட்டனில் 12 பெண்களிடம் ஒரு சிறிய ஆய்வு நடந்தது. இரும்பு சேர்த்த கஞ்சியைத் தண்ணீரோடு சாப்பிட்டபோது 5.7 விழுக்காடு இரும்பு சேர்ந்தது. டீயோடு சாப்பிட்டபோது 3.6. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ குடித்தபோது மறுபடியும் 5.7. ஒரு மணி நேர இடைவெளி அந்த இழப்பை முழுக்கத் தடுத்துவிட்டது. அவர்கள் சாப்பிட்டது லேசான கஞ்சி. நம் சோறும் குழம்பும் வயிற்றில் இன்னும் நேரம் தங்கும். காப்பியை வைத்துச் செய்த பழைய ஆய்வு ஒன்றில் ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தும் தடை இருந்தது. அதனால் குறைந்தது ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் என்றுதான் நான் சொல்வேன். ஐந்து மணி டீ அப்படியே இருக்கட்டும், ரத்தம் குறைந்தவர்கள் அதோடு வடையோ ரொட்டியோ சேர்த்துக்கொள்ளாமல் இருந்தால் இன்னும் நல்லது. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும்.

சின்னவன் விஷயத்துக்கு வருவோம், அதுதான் எனக்கு அதிகக் கவலை. நிறை மாதத்தில் பிறந்த குழந்தை தாயிடமிருந்து இரும்பு இருப்போடு வருகிறது. ஆறு மாதத்தில் அந்த இருப்பு கரைந்துவிடும். அதன் பிறகு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். ஒன்றிலிருந்து மூன்று வயது வரை தினம் சுமார் 7 மில்லிகிராம் வேண்டும் என்பது அமெரிக்க அளவு. இவன் சோறு சாப்பிட மாட்டேன் என்கிறான், அதனால் புட்டிப்பால் ஐந்து வேளை, வேளைக்கு 200 மில்லி. கடையில் வாங்கும் சாதாரணப் பசும்பால். ஒரு லிட்டரில் அரை மில்லிகிராம் இரும்புகூடத் தேறாது. அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து மற்ற இரும்பையும் தடுக்கும். வயிறு பாலால் நிறைந்திருப்பதால் பசி எடுப்பதில்லை, பசி இல்லாததால் சோறு இறங்குவதில்லை, சோறு இறங்காததால் இன்னொரு புட்டி. இந்தச் சுழலை உடைக்க ஒரே வழி பாலைக் குறைப்பதுதான்: ஒரு நாளைக்கு மொத்தம் 500 மில்லிக்கு மேல் வேண்டாம், அதையும் புட்டியில் இல்லாமல் கோப்பையில், சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில். முதல் சில நாள் அழுவான். பசித்ததும் சாப்பிடுவான்.

பாட்டி டீயில் பிஸ்கட்டை நனைத்து ஊட்டுவதும் உண்டாம். “ரெண்டு வாய்தானேக்கா” என்றாள். இஸ்ரேலில் ஒரு காலத்தில் கைக்குழந்தைகளுக்குப் புட்டியில் இனிப்பு டீ கொடுக்கும் வழக்கம் இருந்தது. 1985இல் அங்கே 122 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். டீ குடிக்காத குழந்தைகளில் இரும்புக் குறைவைக் காட்டும் வகை ரத்தசோகை 3.5 விழுக்காடு, டீ குடித்தவர்களில் 32.6. பெரியவர்களுக்கு நான் நேரத்தை மாற்றச் சொல்கிறேன். ஒன்றரை வயதுக் குழந்தைக்கு டீயே வேண்டாம். இதைப் பாட்டியிடம் யார் சொல்வது என்பது சிரமமான வேலைதான். பேரனின் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் கொடுத்துப் பொறுமையாகச் சொன்னால் எந்தப் பாட்டியும் கேட்பார், அவர்தான் அவன் மேல் அதிக உயிர் வைத்திருப்பவர்.

சின்ன வயதில் குறைந்ததை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாததற்குக் காரணம் மூளை. கோஸ்டா ரிக்காவில், கைக்குழந்தைப் பருவத்தில் நீண்ட நாள் இரும்புக் குறைவோடு இருந்த பிள்ளைகளை 19 வயது வரை தொடர்ந்து பார்த்தார்கள். மருந்து கொடுத்து ரத்தம் சரியான பிறகும் அறிவுத்திறன் சோதனைகளில் அவர்கள் பின்தங்கியே இருந்தார்கள்.

என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்று கேட்டால், முதலில் பீட்ரூட்டையும் பேரீச்சம்பழத்தையும் நம்பி உட்காராதீர்கள் என்பேன். பீட்ரூட் சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்று நம்புகிறோம். 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை, பேரீச்சையிலும் ஏறக்குறைய அவ்வளவுதான். கீரையில் இரும்பு உண்டு, ஆனால் அதிலேயே உள்ள வேறு பொருள்கள் அதை விட மறுக்கின்றன. கீரை நல்ல உணவு, தொடர்ந்து சாப்பிடலாம். குறைந்துபோன ரத்தத்தை அது மட்டும் ஏற்றிவிடாது. பலன் தருவது கோழி ஈரல், ஆட்டிறைச்சி, நெத்திலி, கெராங் போன்றவை. ஈரலை வேகவைத்து மசித்து, சோற்றில் ஒன்றிரண்டு கரண்டி கலந்து சின்னவனுக்கு வாரம் ஒருமுறை கொடுக்கலாம். அதில் வைட்டமின் ஏ மிக அதிகம், அதனால் தினமும் வேண்டாம். மீனோ கோழியோ ஒரு சின்னத் துண்டு தட்டில் இருந்தாலே, பக்கத்திலுள்ள பருப்பின் இரும்பும் கூடுதலாக உறிஞ்சப்படும்.

சைவ வீட்டில் வழி கொஞ்சம் நீளம், ஆனால் உண்டு. பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, துவரம்பருப்பு, தெம்பே, அவற்றோடு அதே வேளையில் வைட்டமின் சி. கால் கொய்யாப்பழம் போதும். அல்லது பப்பாளி, அல்லது பருப்பை இறக்கிய பிறகு பிழிந்த லிமாவ் கஸ்தூரி. அடுப்பில் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சிதைந்துவிடும். மற்ற நேரத்தில் சாப்பிட்ட பழம் இந்த வேலையைச் செய்யாது, பருப்பும் பழமும் வயிற்றில் சந்திக்க வேண்டும்.

ஆனால் ஹீமோகுளோபின் 9.6க்கு இறங்கிவிட்ட குழந்தையை உணவால் மட்டும் மேலே கொண்டுவர முடியாது. சிரப் வேண்டும். பாட்டிலை வாங்கிப் பார்த்தேன். இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. மருந்தின் அளவு, இரும்பு உப்பின் எடையை வைத்து இல்லாமல், அதற்குள் இருக்கும் இரும்பின் எடையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. 200 மில்லிகிராம் ஃபெரஸ் ஃபியூமரேட் மாத்திரையில் உள்ள இரும்பு சுமார் 65 மில்லிகிராம்தான். சின்னவன் எடை 11 கிலோ. வழக்கமாகத் தரும் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராம், ஆக நாளுக்கு 33. இந்தப் பாட்டிலைப் போல ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இரும்புள்ள சிரப் என்றால் 3.3 மில்லி கொடுக்க வேண்டும். 15 உள்ள சொட்டு மருந்து என்றால் 2.2 மில்லி. 50 உள்ள அடர்த்தியான சொட்டு மருந்து என்றால் முக்கால் மில்லிகூட இல்லை. “எங்க பையனுக்கு ஒரு ஸ்பூன்” என்று ஒரு தாய் இன்னொரு தாய்க்குச் சொல்லும் யோசனை ஏன் ஆபத்து என்று இதிலேயே தெரியும். பாட்டில் மாறினால் அளவு மாறும். மருந்தகத்தில் கேட்டால் ஊசியில்லாத சிரிஞ்சு தருவார்கள், டாக்டர் எழுதிய மில்லியை அதில் அளந்துதான் கொடுக்க வேண்டும்.

ஃபெரஸ் வகை மருந்தை வெறும் வயிற்றிலோ, சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் தள்ளியோ கொடுப்பது நல்லது. பால், மைலோ, டீ எதுவும் கூட வேண்டாம். அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வில் சின்னக் குழந்தைகளுக்கு இரவு படுக்கும் முன் ஒரே ஒரு வேளை கொடுத்தே நல்ல பலன் கண்டார்கள். பாலிமால்டோஸ் வகை சிரப் என்றால் சாப்பாட்டோடு கொடுக்கச் சொல்வார்கள், அதனால் எந்த வகை என்று பாட்டிலைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிரிஞ்சைக் கன்னத்தின் உள்பக்கமாக வைத்துப் பின்னால் செலுத்தி, பிறகு தண்ணீர் கொடுத்தால் பல்லில் கறை படியாது. படிந்தாலும் தேய்த்தால் போகும். மலம் கறுப்பாகப் போகும். அதைப் பார்த்துப் பயந்து மருந்தை நிறுத்தியவர்கள் ஏராளம், அது உறிஞ்சப்படாத இரும்பின் நிறம்தான்.

மகளுக்குக் கொடுத்தது மாத்திரை, அது அவளுக்குக் குமட்டுகிறதாம். இளம் பெண்களிடம் செய்த ஆய்வுகளில் ஒன்று தெளிவானது: ஒருநாள் இரும்பு எடுத்தால், உடல் அடுத்த ஒரு நாளுக்குக் குடலின் வாசலைக் கொஞ்சம் அடைத்துவைக்கிறது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கும்போது ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் அதிக இரும்பு சேர்கிறது, வயிற்றுத் தொல்லையும் குறையலாம். தானாக நிறுத்துவதைவிட, இப்படி மாற்றிக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேட்பது மேல்.

இன்னொன்று, மாத்திரையை எங்கே வைக்கிறீர்கள் என்று கேட்டேன். குளிர்பதனப் பெட்டியின் மேல் என்றாள். அதன் இனிப்புப் பூச்சும் நிறமும் ஒன்றரை வயதுக்காரனுக்கு மிட்டாயாகத் தெரியும். கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டினாலே நஞ்சின் அறிகுறி வரலாம், 60ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. 65 மில்லிகிராம் மாத்திரை பத்தை விழுங்கினால் 11 கிலோ குழந்தை அந்த எல்லைக்குப் போய்விடுகிறது. வாந்தி நின்று, தெளிந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே சேதம் தொடரும், உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். பூட்டிய அலமாரிதான் இரும்பு மாத்திரைக்கு இடம்.

நான்கு வாரம் கழித்து ரத்தத்தை மறுபடி பார்க்கச் சொல்வார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதே என்றேன். ஒரு கிராமாவது ஏறியிருந்தால் நோயும் மருந்தும் சரியாகப் பொருந்தியிருக்கின்றன என்று பொருள். மகளின் 10.2 அப்போது 11.2ஐத் தொட்டிருக்க வேண்டும். எண் சரியானதும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ரத்தம் நிரம்பினாலும் கல்லீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் உள்ள இருப்பு இன்னும் காலிதான், அது நிரம்ப மேலும் இரண்டு மூன்று மாதம் வேண்டும்.

ஏறவே இல்லை என்றால்? மருந்து ஒழுங்காக உள்ளே போகிறதா, பால் உண்மையில் குறைந்ததா, மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போகிறதா என்று முதலில் பார்ப்பார்கள். எல்லாம் சரியாக இருந்தும் ஏறவில்லை என்றால் தாலசீமியா மரபு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த நாட்டில் அது அரிதில்லை. அதிலும் சிவப்பணுக்கள் இரும்புக் குறைவைப் போலவே சிறுத்துத் தெரியும், ஆனால் இரும்பு கொடுத்துப் பயனில்லை. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்கு அரசே இதற்கான பரிசோதனை செய்கிறது. மகள் அடுத்த ஆண்டு நான்காம் படிவம் போகிறாள், ஒப்புதல் படிவம் வந்தால் கையெழுத்துப் போட்டு அனுப்பு என்றேன். அதற்கு முன்பே சந்தேகம் வந்தால் ஃபெரிட்டின் பரிசோதனை கேட்கலாம். அது உடலின் இரும்பு இருப்பைக் காட்டும் எண். அவள் வயதில் 15க்குக் கீழே இருந்தால் இருப்பு தீர்ந்துவிட்டது, சின்னவனுக்கு அந்த எல்லை 12. காய்ச்சலோ சளியோ இருக்கும்போது எடுத்தால் எண் பொய்யாக உயர்ந்து காட்டும், அதனால் உடம்பு நன்றாக இருக்கும் நாளில் ரத்தம் எடுக்கச் சொல்ல வேண்டும்.

தங்கச்சி பரிசோதனைத் தாளின் பின்பக்கத்தில் மூன்று எண்களை எழுதிக்கொண்டாள்: பால் 500, சிரப் 3.3, நான்கு வாரம்.